படத்தில் விழாத கொடி

விளக்கின் அடிப்பாகத்தில் ஒரு கொடி செதுக்கியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. விரலால் தடவினால் தட்டுப்பட்டது. படத்தில் மட்டும் இல்லை.

பத்மப்ரியா மடிக்கணினியின் திரையை விளக்கின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நாச்சியார்கோவிலில் வார்த்து, கடைந்து, செதுக்கிய குத்துவிளக்கு. இரண்டடி உயரம். உச்சியில் அன்னம், அதன் கீழே ஐந்து முகத் தட்டு, பிறகு தண்டு, கடைசியில் கவிழ்த்த மணியைப் போல அகன்ற அடி. அந்த அடியைச் சுற்றித்தான் கொடி ஓடியது. இலைக்கு இலை நரம்பு, இரண்டு இலைக்கு ஒரு மொட்டு. நேரில் அத்தனையும் இருந்தது. திரையில் வெளிறிய மஞ்சள் வழுவழுப்புதான் இருந்தது.

"எங்கம்மா என் கொடி?" என்றாள் கனகவல்லி. "பிளாஸ்டிக் பக்கெட்டக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு."

செகந்திராபாத்தில் பித்தளைப் பொருள்களும் கைவினைப் பொருள்களும் விற்கும் கடை கனகவல்லியுடையது. கண்டோன்மென்ட்டுக்குப் பாத்திரம் கொடுக்க வந்த கொள்ளுத்தாத்தா அங்கேயே தங்கிவிட்டார். அந்த வீட்டுத் தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, தீபாவளிக்குத் தன் ஆட்களுக்கு இந்த விளக்கையே பரிசாகக் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் மற்றக் கம்பெனிகளுக்கும் காட்ட ஒரு கேட்லாக். அட்டையில் இந்த விளக்கு, சுடரோடு.

"வெளிச்சத்த மாத்திப் பாக்கறேன் ஆன்ட்டி."

"ஹவ், ஆமா, பாரு பாரு. ஆனா இது நக்கோ, வேணாம். இத அட்டையில போட்டா, மிஷின்ல அச்சடிச்ச விளக்குன்னு நெனப்பாங்க. கையால செதுக்கினதுன்னு பாத்ததும் தெரியணும். அதுக்குத்தான் வெல." கனகவல்லி திரியை இடுக்கியால் எண்ணெய்க்குள் இழுத்து விளக்கை மலையேற்றினாள். ஸ்டுடியோவிலும் அவள் வாயால் ஊத விடமாட்டாள். விளக்குக்குப் பொட்டு வைக்காமல் ஏற்றவும் விடமாட்டாள். பொட்டு படத்தில் அழகாகத்தான் இருந்தது. "சனிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். நீயே பண்ணிடுவியா, இல்ல பஞ்சாரா ஹில்ஸ்ல யாரோ இருக்கானாமே, அவன்கிட்ட..."

"பண்ணிடுவேன்."

"இல்லம்மா, தப்பா எடுத்துக்காத. அந்தப் பையன் இருந்தப்ப மணி எடுத்தீங்க, செம்பு எடுத்தீங்க. என்னா ஜோரா இருந்துச்சு. அவன் எப்ப வரான்?"

"தெரியாது ஆன்ட்டி."

கனகவல்லி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "தேங்காயெண்ண ஊத்தாத, பொக வரும். நல்லெண்ண வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்தப் பையன் பிரசன்னா.

போவன்பள்ளியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகும் சாலையில், இரண்டாம் மாடியில், அவர்கள் இருவரும் சேர்ந்து திறந்த ஸ்டுடியோ இது. அதற்கு முன்பு ஒரே விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பத்மப்ரியா கரூர்க்காரி, பிரசன்னா லால்குடி. வேலையை அவர்கள் பேசிப் பிரித்துக்கொள்ளவில்லை. அது தானாகப் பிரிந்தது. கேமரா அவளுடையது, வெளிச்சம் அவனுடையது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பது, எது கூர்மையாக விழ வேண்டும், இதெல்லாம் அவள். விளக்குகளை எங்கே வைப்பது, எதை மறைப்பது, எதைத் திருப்புவது, இதெல்லாம் அவன். அவள் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி காத்திருப்பாள். இருட்டில் எங்கோ அவன் எதையோ நகர்த்திக்கொண்டிருப்பான். "இப்ப" என்பான். அவள் அழுத்துவாள்.

அதிகமும் புடவை, ஊறுகாய் பாட்டில், மருந்து டப்பா. உலோகம் வந்தது மூன்றோ நான்கோ முறைதான். அந்த நாள்களில் அவன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருவான்.

"என்னடா, மாலை போட்டிருக்கியா?" என்று அவள் கேட்பாள்.

"சாமி சரணம். உனக்கும் ஒரு மாலை எடுத்து வெச்சிருக்கேன்." சொல்லிவிட்டு அவள்மேலும் கேமராமேலும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிடுவான். உள்ளே வேர்க்கும். திட்டிக்கொண்டே படமெடுப்பாள்.

மஸ்கட்டிலிருந்து வேலை வந்தபோது, இரண்டே வருஷம் என்றான். பேகம்பேட்டை விமான நிலையத்துக்கு அவள்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டாள். கிளம்புமுன் கறுப்புச் சட்டையைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினான். "இது இங்கயே இருக்கட்டும். வந்து போட்டுக்கறேன்." இரண்டு வருஷம் மூன்றாகியிருந்தது. முதலில் வாரம் ஒருமுறை பேசினான், பிறகு பண்டிகைகளில். சட்டை ஆணியிலேயே இருந்தது. வீட்டின்மேல் தாழ்ந்து பறந்து பேகம்பேட்டையில் இறங்கும் விமானங்களின் சத்தத்துக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும்போது, சட்டைக் கையும் லேசாக ஆடும். அதை அவள் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தாள்.

தனியாக ஒரு ஸ்டுடியோ நடத்துவது சிரமமாக இருந்தது. அமீர்பேட்டையில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர், அடுத்த வருஷமும் இருப்பீர்களா என்று கேட்டிருந்தார். பத்மப்ரியா யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டாள். இந்த விளக்கை எடுக்க முடிந்தால் இருப்பது. முடியாவிட்டால், அவன் இல்லாமல் இந்த இடம் பாதி இடம்தான் என்று ஒப்புக்கொண்டு, பூட்டிவிட்டு அமீர்பேட்டைக்குப் போவது. பூட்டினால் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து எங்காவது வைக்க வேண்டும்.

சுடர் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அது நேரக் கணக்கு. நேரம் அவளுடைய பாகம்.

ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணிமைக்கும் முன்னே வந்து போய்விடும். ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தாலும் அதிக நேரம் திறந்தாலும், ஃபிளாஷ் கொட்டுவது அதே அளவுதான். சுடர் அப்படியில்லை. அது குழாயில் சன்னமாக ஒழுகும் தண்ணீரைப் போல. எவ்வளவு நேரம் குடத்தைக் காட்டுகிறோமோ அவ்வளவு நிறையும். ஆகவே பித்தளைக்கு வேண்டியதை ஃபிளாஷிடமிருந்தும், சுடருக்கு வேண்டியதை நேரத்திடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம். அறையை இருட்டாக்கி ஷட்டரை அரை வினாடி திறந்தாள். சுடர் நடுவில் வெள்ளையாகவும் ஓரத்தில் ஆரஞ்சாகவும், தட்டின் உள்விளிம்பில் தங்கம் தடவியதுபோலவும் விழுந்தது. மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சுடர் அரை வினாடிக்குள் நடனமாடிவிடும். கீழே மார்க்கெட்டுக்கு லாரி போகும்போது தரை அதிர்ந்து படம் கலங்கியது. மத்தியானத்தில் லாரிகள் ஓயும். அந்த நேரத்துக்குக் காத்திருந்தாள்.

நிறமும் சரியாயிற்று. ஃபிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சத்தைப் போல நீலம் கலந்தது, சுடர் மஞ்சள். இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால், பித்தளை யாரோ வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதுபோல இருக்கும். ஃபிளாஷின் வாயில் ஆரஞ்சுத் தாளை ஒட்டியதும் இரண்டும் ஒரே குடும்பமாகிவிட்டன.

கொடிதான் வரவில்லை.

சுடரின் வெளிச்சத்தில் மட்டும் எடுத்துப் பார்த்தாள். தட்டு தன் நிழலை அடியின்மேல் போட்டுவிட்டது. விளக்கடியில் இருட்டு என்று சொல்வது சும்மா இல்லை. கொடி இருந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது. பக்கத்திலிருந்து ஃபிளாஷை நேராக அடித்தாள். அடியின் வளைவில் ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணைக் குத்தியது. சுற்றிலும் மறுபடி இருட்டு. கடைசியாக, உலோகத்துக்கு என்று எல்லோரும் சொல்கிறபடி, விளக்கைச் சுற்றி மெல்லிய வெள்ளை மல் துணியால் கூடாரம் கட்டி, வெளியிலிருந்து ஃபிளாஷ் அடித்தாள். புள்ளி போயிற்று, இருட்டும் போயிற்று. கூடவே கொடியும் போயிற்று. கனகவல்லி பக்கெட் என்றது அந்தப் படத்தைத்தான்.

அழுக்கோ என்று நினைத்தாள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பாலிஷ் போட்டு, கைரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு மெல்லிய துணியால் பளபளக்கவைத்தாள். விளக்கு கண்ணாடி போல ஆயிற்று. படத்தில் கொடி முன்பைவிட மோசமாக மறைந்தது. முன்பு பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பாவது தங்கியிருந்தது. இப்போது அதையும் தேய்த்து எடுத்துவிட்டாள்.

ஆனால் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? அங்கேதான் அவள் நின்றாள். விளக்கின் முன் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினாள். தலையை ஆட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொடி பாதி மங்கியது. தலையை அசைத்ததும் கோடுகள் மினுங்கி எழுந்தன. நிறுத்தியதும் அடங்கின. மனிதர்கள் இரண்டு கண்ணோடு, சும்மா இருக்காத தலையோடு பார்க்கிறார்கள். ஒவ்வொரு அசைவிலும் ஒரு பள்ளம் மினுங்குகிறது, மனசு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடியாக வைத்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அதுவும் அசையாத கண். அதற்கு எல்லாப் பள்ளமும் ஒரே கணத்தில் தெரிந்தாக வேண்டும்.

இதுவரை புரிந்தது. இதற்கு என்ன செய்வது என்பது அவனுடைய பாகம்.

வியாழக்கிழமை காலை போன் செய்தாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"பத்மா! என்ன அதிசயம்? இன்னிக்கு என்ன பண்டிகை?"

"பண்டிகை இல்லன்னா பேசக்கூடாதா?"

"சேச்சே. இரு, வெளிய வரேன். ஓட்டல் லாபி ஒண்ணு எடுத்திட்டிருக்கோம். இங்க எல்லாம் ஓட்டல்தான். மார்பிள், சோஃபா, மார்பிள், சோஃபா." யாரிடமோ ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். "சொல்லு. ஸ்டுடியோ எப்படி இருக்கு? படிக்கட்டுல அந்த ஓனர் இன்னும் வெங்காய மூட்டை அடுக்கறாரா?"

"இப்ப பூண்டும் சேர்த்து."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"கனகவல்லி ஆன்ட்டி உன்னக் கேட்டாங்க."

"ஓ, விளக்கு ஆன்ட்டி. என்ன, மெட்டல் ஏதாச்சும் எடுக்கறியா?"

நாக்கு நுனியில் கேள்வி இருந்தது. கேட்டால் உடனே சொல்லிவிடுவான். அப்படியே சொல்லித்தருவதில் அவனுக்குச் சந்தோஷமும்கூட. இரண்டு நிமிஷத்தில் பதில் முடியும், பதிலோடு பேச்சும் முடியும். அவனிடம் கேட்க அவளுக்கு நியாயமாக இருந்தது இந்த ஒரு கேள்விதான். அதையும் செலவழித்துவிட்டால், அடுத்த முறை எதைக் காரணம் காட்டிக் கூப்பிடுவது? காரணமே இல்லாமல் கூப்பிடும் தைரியம் மூன்று வருஷமாக அவளுக்கு வரவில்லை.

"இல்ல. புடவைதான். கேக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

"ஏதாச்சும் சிக்கலா பத்மா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"வெங்காய நெடி."

"சரி, சாயந்திரம் கூப்பிடட்டா? இங்க கூப்பிடறாங்க."

"கூப்பிடு."

சாயந்திரம் போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்துதான் அவள் அதைச் சத்தம் கேட்கும்படி மேசைமேல் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், லாரிகள் ஓய்ந்த நேரத்தில், அவள் விளக்கின் பக்கம் போகவில்லை. மடிக்கணினியில் பழைய படங்களைத் திறந்தாள். வெளிச்சத்தைப் பற்றி ஏதாவது கிடைக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் தேடியது வேறு. அவனைப் படமெடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் கேமராவோடு ஒரே அறையில் இருந்தும் ஒரு படம்கூட இல்லை. ஆனால் உலோகப் படங்கள் இருந்தன. பளபளப்பான உலோகம் கண்ணாடி. உருண்டையாக இருந்தால், எதிரே உள்ள அறை முழுவதையும் சின்னதாக்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். அவன் அப்போது அந்த அறையில்தான் இருந்தான். அப்படியானால் அந்தப் பித்தளையில் எங்காவது அவன் இருக்க வேண்டும்.

ஒரு செம்பைத் திறந்தாள். கனகவல்லியின் கடைக்கு எடுத்தது. கழுத்தைச் சுற்றி மாங்காய் வேலைப்பாடு, வயிறு மொழுமொழுவென்று உருண்டை. கழுத்தில் ஒவ்வொரு மாங்காயும் மையிட்ட கண்போலத் தெளிவாக இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. வயிற்றைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். புள்ளிகள் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினாள்.

கறுப்பு. எங்கும் கறுப்பு. நடுவில் சின்னக் கோபுரமாகக் கேமரா ஸ்டாண்டின் கால்கள். அதன்மேல் கறுப்புத் துணி மூட்டையாக அவள். மூட்டைக்குள் அன்று அவள் திட்டிக்கொண்டிருந்திருப்பாள். ஜன்னல் இல்லை, சுவர் இல்லை, கூரை இல்லை. எல்லாவற்றையும் துணிபோட்டு மூடியிருந்தான். அவனும் இல்லை. கறுப்புச் சட்டை அவ்வளவு ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருந்தது.

இடது ஓரத்தில், நீண்டு வளைந்த ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தது. ஜன்னலோ என்று அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜன்னல் இல்லை. அட்டை. அதன் மேல்விளிம்பில் நான்கு விரல்கள். கீழ்விளிம்பில் நான்கு விரல்கள். கீழே இருந்த கையின் சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் கொஞ்சம் விலகி நீட்டிக்கொண்டிருந்தது. டீ கிளாஸைப் பிடிக்கும்போதும் அவன் அப்படித்தான் பிடிப்பான்.

முகம் வேண்டும் என்று தேடினாள், கைகள் கிடைத்தன. அவள் வெகுநேரம் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விமானம் தாழப் போயிற்று, ஜன்னல் அதிர்ந்தது. திரையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான், அந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்தாள்.

அவை ஃபிளாஷைப் பிடித்திருக்கவில்லை. வெள்ளை அட்டையைப் பிடித்திருந்தன. செம்பின்மேல் எந்த வெளிச்சமும் நேராக விழவில்லை. ஃபிளாஷ் அட்டையின்மேல் விழுந்தது, செம்பு அட்டையைப் பார்த்தது. அவ்வளவுதான். அந்த அட்டையின் பிம்பம் விழுந்த இடத்தில் செம்பு பொன்னாக இருந்தது. மாங்காய்கள் தெரிந்த கழுத்தும் அந்த இடத்தில்தான் இருந்தது. மாங்காயின் கோடுகளோ கறுப்பாக இருந்தன.

ஏன் கறுப்பு? ஒரு காகிதத்தில் வரைந்தாள். வழவழப்பான பரப்பு ஒரு திசையைப் பார்க்கிறது. உளி போன பள்ளத்தின் சுவர்கள் சாய்ந்து வேறு திசைகளைப் பார்க்கின்றன. பரப்பு பார்க்கும் திசையில் வெள்ளை அட்டை இருந்தால், அது வெள்ளையைக் காட்டும். பள்ளம் பார்க்கும் திசையில் கறுப்புத் துணி இருந்தால், பள்ளம் கறுப்பைக் காட்டும். பொன் தரையில் கறுப்புக் கோடு. கொடி என்பது அதுதான்.

அவள் கட்டிய கூடாரத்தில் எல்லாத் திசையும் வெள்ளை. பரப்பும் வெள்ளையைப் பார்த்தது, பள்ளமும் வெள்ளையைப் பார்த்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. விளக்குக்குப் பார்க்க நிறையக் கொடுத்துவிட்டாள். இருட்டை மட்டும் கொடுக்கவில்லை.

கூடாரத்தைப் பிய்த்து எடுத்தாள். அலமாரியின் அடித்தட்டில் அவன் மடித்துவைத்த கறுப்புத் துணிகள் அப்படியே இருந்தன. நாப்தலீன் உருண்டைகூடப் போட்டு வைத்திருந்தான். ஜன்னலில், சுவரில், கூரையிலிருந்து தொங்கவிட்டு, கேமராவின்மேல், தரையில் என்று எல்லா இடத்திலும் போட்டாள். கறுப்பு சார்ட் பேப்பரைப் புனல்போலச் சுருட்டி ஃபிளாஷின் வாயில் மாட்டினாள், வெளிச்சம் வேறெங்கும் சிந்தாமல் அட்டையில் மட்டும் விழ. வெள்ளை அட்டையை ஒரு நாற்காலி முதுகில் சாய்த்து வைத்து எடுத்துப் பார்த்தாள்.

கொடி வந்தது. முழுதாக இல்லை, பாதி. அடியின் வளைவில் அட்டையின் பிம்பம் ஒல்லியான கீற்றாக விழுந்திருந்தது. கீற்றுக்குள் இரண்டு இலை, ஒரு மொட்டு. வளைந்த பித்தளை எதையும் சிறிதாக்கித்தான் காட்டும்; பெரிதாக விழ வேண்டுமென்றால் அட்டை பக்கத்தில் வர வேண்டும். நாற்காலியை நெருக்கினாள். நாற்காலியின் கால் படத்துக்குள் வந்தது. பெரிய அட்டையை வைத்தாள். கோடுகள் மங்கின; பள்ளங்களும் அட்டையைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. மறுபடி சின்ன அட்டை. இதை நாற்காலியில் வைத்துச் சரிசெய்ய முடியாது. ஒரு விரற்கடை திருப்பி, ஒரு விரற்கடை நெருக்கி, கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் அவன் கையில் பிடித்திருந்தான்.

கேமராவில் பத்து வினாடி டைமரை வைத்துவிட்டு அட்டையைப் பிடிக்க ஓடினாள். அடியில் கொடி நன்றாக வந்தது. ஆனால் தண்டின் கடைசல் வளையங்களில், எங்கும் இல்லாத ஒரு வெளிர்மஞ்சள் கறை நீளமாக ஒழுகியிருந்தது. துடைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி கறை. பெரிதாக்கிப் பார்த்தாள். அது அவளுடைய மஞ்சள் சுடிதார்.

கதவுக்குப் பின்னால் போனாள். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். தோளில் தூசி படிந்து கோடாக இருந்தது. உதறிவிட்டுச் சுடிதாரின்மேலேயே போட்டுக்கொண்டு கழுத்துவரை பொத்தான் மாட்டினாள். கை நீளமாக இருந்தது. மணிக்கட்டுவரை மடிக்கலாமா என்று யோசித்து, மடிக்கவில்லை. அவனுடைய வாசனை ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். துணியின் வாசனைதான் இருந்தது, கொஞ்சம் பூண்டும்.

போன் அடித்தது. ஒரு கணம் அவள் அசையாமல் நின்றாள். கனகவல்லி.

"என்னம்மா, ஆச்சா? அந்தப் பஞ்சாரா ஹில்ஸ்காரன் நாளைக்குக் காலியா இருக்கானாம்."

"அவர வேற வேலை பாக்கச் சொல்லுங்க ஆன்ட்டி. சாயந்திரம் வாங்க."

"ஹவ்? கொடி வந்துடுச்சா?"

"வந்துட்டிருக்கு. ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். விளக்க ரொம்பத் தேச்சுட்டேன். பள்ளத்துல இருந்த கறுப்பெல்லாம் போயிடுச்சு."

"அய்யோ, அத எதுக்குத் தொட்ட? கடையில நாங்க அத விட்டுத்தான் துடைப்போம். சரி, திரி எரிஞ்ச கரி இருக்குல்ல? நல்லெண்ணயில கொழச்சுத் தடவு. மேல மட்டும் ஒரு வேட்டித் துணியால தொட. பள்ளத்துல நின்னுக்கும்."

அப்படியே செய்தாள். திரிக்கரியை எண்ணெயில் குழைத்துக் கொடியின்மேல் தடவி, விரலில் துணியைச் சுற்றி மேற்பரப்பை மட்டும் இழுத்துத் துடைத்தாள். இலை நரம்புகளில் கரி நின்றது. பொட்டு வைத்தாள். நல்லெண்ணெய் ஊற்றினாள். ஐந்து முகத்துக்கும் திரி போட்டு ஏற்றினாள். விசிறியை நிறுத்தினாள். சாலையில் லாரி இல்லை.

டைமரை அழுத்திவிட்டு, விளக்கின் இடப்பக்கம் போய் மண்டியிட்டு, அட்டையை மேலே ஒரு கையாலும் கீழே ஒரு கையாலும் பிடித்தாள். கேமராவின் சிவப்புப் பொட்டு மினுக்கி மினுக்கி வேகமெடுத்தது. இப்ப என்று சொல்ல யாரும் இல்லை. அவளே மெல்லச் சொன்னாள். ஃபிளாஷ் வெட்டியது, ஷட்டர் அரை வினாடி திறந்திருந்து மூடியது.

திரையில் சுடர்கள் ஐந்தும் நின்றன. தட்டு தங்கமாகக் கனிந்திருந்தது. தண்டில் கறை இல்லை. அடியைச் சுற்றிக் கொடி ஓடியது, இலைக்கு இலை நரம்பு, இரண்டு இலைக்கு ஒரு மொட்டு. அவள் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கறுப்புக்குள் யாரும் இல்லை. வெள்ளை அட்டை இருந்தது. அதன் இரண்டு விளிம்பிலும் விரல்கள் இருந்தன. சட்டைக் கை நீளமாக இருந்ததால் மணிக்கட்டுகூடத் தெரியவில்லை. யாருடைய கை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அடுத்த வருஷமும் இருப்பதாகச் சொன்னாள். பிறகு, இனி மறக்காமலிருக்க, ஃபிளாஷ் வைக்கும் அலமாரியின் உள்கதவில் ஒரு சாக்குக் கட்டியால் எழுதினாள்:

சுற்றிலும் கறுப்பு, படமெடுப்பவர் உள்பட. இடப்பக்கம், படத்துக்குச் சற்றே வெளியே, பிம்பம் கொடியை மூடும் அளவுக்கு மட்டும் ஒரு வெள்ளை அட்டை, கையில். ஆரஞ்சுத் தாள் போட்ட ஃபிளாஷ் அட்டையின்மேல் மட்டும். பள்ளத்தில் கரி. சுடருக்கு அரை வினாடி.